ஓகஸ்ட் மாதத்துக்கு இரண்டு அறிக்கைகள் இரண்டு தொகைகளைக் காட்டியது ஏன்

திருகோணமலை
09.09.2025

மதிப்பிற்குரிய முதலாளி ஐயா அவர்களுக்கு,

வாடியின் கணினியில் எடுத்த ஓகஸ்ட் மாத அறிக்கை 8,462,350 ரூபாவும், தங்கள் கைபேசியில் தெரிந்த அதே மாத அறிக்கை 8,161,900 ரூபாவும் காட்டின. இடையில் உள்ள 300,450 ரூபா எங்கே போனது என்று சனிக்கிழமை கேட்டீர்கள். கல்லாவில் இருக்கும் தம்பியிடமும் அந்தக் கேள்வி போயிருப்பதால், முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்கிறேன்: அந்தப் பணத்தில் ஒரு ரூபாகூடக் காணாமற் போகவில்லை. தம்பி கையால் எழுதிவைத்த காசுக் கொப்பியையும் வங்கிக் கூற்றையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தபின்பே இதை எழுதுகிறேன்.

இரண்டு அறிக்கைகளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்பவை அல்ல. கணினியில் `Sales Summary` என்ற தலைப்பில் வருவது, அந்த மாதத்தில் எவ்வளவு பெறுமதியான மீனுக்கும் ஐசுக்கும் பில் போட்டோம் என்பதைச் சொல்கிறது; காசு கைக்கு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கைபேசியில் `Collections` என்ற தலைப்பில் வருவது, அந்த மாதத்தில் எவ்வளவு பணம் வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. அது எந்த மாதத்துப் பில்லுக்கான பணம் என்று அது பார்ப்பதில்லை. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உள்ள ஹோட்டல்கள் எம்மிடம் கடனுக்கு எடுத்து, பெரும்பாலும் அடுத்த மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள்தான் கணக்கை முடிக்கின்றன. ஓகஸ்டில் போட்ட பில்களில் மாத முடிவில் 963,000 ரூபா வரவேண்டியிருந்தது. அதே ஓகஸ்டில், ஜூலை மாதப் பில்களுக்காக 741,500 ரூபா வந்து சேர்ந்தது. முன்னதைக் கழித்துப் பின்னதைக் கூட்டினால் 8,240,850 ரூபா வருகிறது. ஓகஸ்டில் உண்மையாகக் கைக்கு வந்த பணம் இதுவே. காசுக் கொப்பியின் மாதக் கூட்டுத்தொகையும் வங்கியில் நேரடியாக விழுந்த தொகைகளும் சேர்ந்து இதே இலக்கத்தைச் சதம் பிசகாமல் தருகின்றன.

அப்படியானால் கைபேசியும் 8,240,850 என்றே காட்டியிருக்க வேண்டும். அது 8,161,900 என்று காட்டியதற்கு இரண்டு பிழைகள் காரணம். அவற்றுள் பெரியது நேரத்தில் ஏற்பட்ட பிழை. எமது தொழிலின் தன்மையால் அது மற்றக் கடைகளைவிட எம்மைக் கூடுதலாகப் பாதிக்கிறது.

கைபேசி அறிக்கைக்கான பதிவுகள் வெளிநாட்டில் உள்ள ஒரு கணினியில் சேமிக்கப்படுகின்றன. அந்தக் கணினி எமது நாட்டு நேரத்தில் ஓடுவதில்லை. உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்திருக்கும் நேரத்தில் ஓடுகிறது. எமது கடிகாரம் அதைவிட 5 மணித்தியாலமும் 30 நிமிடமும் முந்தியது. ஆகவே இங்கே அதிகாலை ஐந்தரை மணி ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு கடந்து புதிய திகதி பிறக்கிறது. 1996 இல் நாட்டின் கடிகாரங்களை முன்தள்ளியதிலிருந்து 2006 இல் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது வரை, இந்தப் பக்கத்தில் யாராவது நேரம் சொன்னால் அது பழைய நேரமா புதிய நேரமா என்று திருப்பிக் கேட்டுக்கொண்டது தங்களுக்கு நினைவிருக்கும். பொழுது ஒன்றுதான், அதற்குச் சொல்லும் மணி இரண்டு. இங்கும் நடந்தது அதுவே.

ஒரு பில்லை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். ஓகஸ்ட் 1 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, அதிகாலை 4.12 க்கு அநுராதபுரம் லொறிக்கு சூரையும் அறுக்குளாவும் ஏற்றி, 118,500 ரூபாவைக் காசாக வாங்கியிருக்கிறோம். வாடியின் கணினியில் அது ஓகஸ்ட் 1 என்று சரியாக இருக்கிறது. கொப்பியிலும் அப்படியே, லொறி இலக்கத்துடன் எழுதப்பட்டிருக்கிறது. கைபேசி அறிக்கைக்கோ அது ஜூலை 31, இரவு 10.42. அதனால் அந்தப் பணம் ஜூலைக் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. அன்று ஐந்தரை மணிக்கு முன் வந்த பணம் எல்லாமாக 312,400 ரூபா இவ்விதம் ஓகஸ்டிலிருந்து நழுவியது. மாதத்தின் மறுமுனையில் இதற்கு நேர்மாறாக, செப்டெம்பர் 1 ஆம் திகதி விடியுமுன் வந்த 187,250 ரூபா ஓகஸ்டுக்குள் நுழைந்துவிட்டது. அதற்கு முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமையாதலால் எம்மிடம் வந்த படகுகள் குறைவு. ஆகவே உள்ளே வந்த தொகை வெளியே போன தொகையை ஈடுசெய்யவில்லை. மிச்சமான குறைவு 125,150 ரூபா.

விடிந்தபின் திறக்கும் துணிக்கடையொன்றில் இந்தப் பிழை பல வருடங்கள் இருந்தாலும் யாருக்கும் தெரியாது, ஏனெனில் அங்கே ஐந்தரைக்கு முன் வியாபாரமே இல்லை. எமக்கோ நாளின் பெரும் வியாபாரம் அந்த நேரத்திலேயே முடிகிறது. முந்திய மாதங்களிலும் இது நடந்தே இருக்கிறது. இரு முனைகளும் ஏறத்தாழச் சமமாக இருந்ததால் வித்தியாசம் கண்ணில் படவில்லை.

இரண்டாவது பிழை சிறியது. ஓகஸ்ட் 17 ஆம் திகதி காசு கொடுத்துப் பாரை வாங்கிய ஒருவர், மறுநாள் காலை மீனைத் திருப்பிக் கொடுத்து 46,200 ரூபாவையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். தம்பி முறைப்படி பில்லை ரத்துச் செய்து, கொப்பியில் அவரிடம் கையொப்பமும் வாங்கியிருக்கிறார். ஆனால் பில்லை ரத்துச் செய்தால் பில் மட்டுமே நீங்குகிறது. அதற்குப் பணம் வந்த பதிவு கைபேசி அறிக்கையில் அப்படியே நிற்கிறது. ஆகவே இங்கே கைபேசி 46,200 ரூபாவைக் கூட்டிக் காட்டியது. 8,240,850 இலிருந்து 125,150 ஐக் கழித்து 46,200 ஐக் கூட்டிப் பாருங்கள். தாங்கள் கைபேசியில் கண்ட 8,161,900 வரும்.

நேரத்தை எமது நாட்டுக்கு அமைக்கும் தெரிவு அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. அதை ஆரம்பத்தில் அமைத்திருக்க வேண்டியவன் நான். அமைக்காமல் விட்டது என் தவறு. நேற்று மாலை அதை மாற்றிவிட்டேன். ரத்தான பில்லின் பணப்பதிவையும் நீக்கியிருக்கிறேன், இனி ரத்துச் செய்யும்போது இரண்டையும் சேர்த்து நீக்கும் முறையைத் தம்பிக்கும் காட்டியிருக்கிறேன். இப்போது கைபேசியைத் திறந்தால் ஓகஸ்டுக்கு 8,240,850 என்றே தெரியும். அது கணினியின் 8,462,350 உடன் இனியும் ஒத்துவராது, ஒத்துவரவும் கூடாது. எஞ்சும் 221,500 ரூபா கடன் கொடுத்ததற்கும் பழைய கடன் வசூலானதற்கும் இடையிலான வித்தியாசம். எவ்வளவு விற்றோம் என்று அறியக் கணினியையும், எவ்வளவு கையில் வந்தது என்று அறியக் கைபேசியையும் பாருங்கள். ஐஸ் ஆலைக்கும் படகுக்காரருக்கும் பணம் கொடுக்கத் திட்டமிடும்போது கைபேசித் தொகையையே வைத்துக்கொள்வது நல்லது.

ஜூலை மாதக் கைபேசி அறிக்கையின் தொகையும் இந்தத் திருத்தத்தால் மாறியிருக்கும். கணக்காளரிடம் பழைய பிரதி இருப்பதால் புதியதை இன்றே அனுப்புகிறேன். நாளை காலை லொறிகள் போனபின் காசுக் கொப்பியுடன் வருகிறேன். தம்பியும் உடனிருக்கும்போது ஓகஸ்ட் 1 ஆம் திகதிப் பக்கத்தைத் தாங்களே ஒருமுறை பார்த்து, சனிக்கிழமை கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணக்கு மற்றும் கணினிப் பொறுப்பாளர்