ஹாம்பர்க் பல்கலைக்கழக முனைவர் பட்டச் சேர்க்கை: செல்வி மு. கயல்விழிக்கான பரிந்துரைக் கடிதம்

கும்பகோணம்
10-01-2025

அனுப்புநர்
முனைவர் இரா. செங்குட்டுவன்
இணைப் பேராசிரியர், தமிழ்த்துறை
அரசு கலைக் கல்லூரி, கும்பகோணம்

பெறுநர்
முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுவினர்
ஆசிய ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனம்
ஹாம்பர்க் பல்கலைக்கழகம், ஜெர்மனி

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். தமிழ்ச் சுவடிகள் குறித்துத் தங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விண்ணப்பித்திருக்கும் என் மாணவி செல்வி மு. கயல்விழிக்காக இதை எழுதுகிறேன். தங்கள் குழுவில் தமிழ் படிப்பவர்கள் இருப்பதால் தமிழிலேயே எழுதுவது சரி என்று பட்டது. மற்றவர்களுக்காக ஆங்கில மொழிபெயர்ப்பையும் கல்லூரி முத்திரையுடன் இணைத்திருக்கிறேன்.

கயல்விழி 2022 முதல் 2024 வரை எங்கள் கல்லூரியில் முதுகலைத் தமிழ் படித்தார். சுவடியியல், தொல்காப்பியம் எழுத்ததிகாரம் ஆகிய இரண்டு தாள்களை அவருக்கு நான் நடத்தினேன். நான்காம் பருவத்தில் அவருடைய ஆய்வேட்டுக்கு நெறியாளராகவும் இருந்தேன். 31 பேர் இருந்த வகுப்பில் முதல் மதிப்பெண் அவருடையது. ஆனால் மதிப்பெண் பட்டியல் தங்கள் கையில் இருக்கிறது. அதில் தெரியாததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சுவடியியல் தாளின் இரண்டாம் வாரத்தில் எல்லாருக்கும் ஓர் ஓலையின் ஒளிநகலைக் கொடுத்துப் பெயர்த்தெழுதிவரச் சொல்வது என் வழக்கம். பழைய ஏட்டில் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்புதான், காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாணவர்கள் படிக்கும்போதே மனத்துக்குள் புள்ளி வைத்து, கால் போட்டு, திருத்தமான தமிழாக எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த ஆண்டும் முப்பது பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். கயல்விழியின் தாளில் ஒவ்வொரு வரியும் இரண்டு வரியாக இருந்தது. மேலே ஓலையில் உள்ளது உள்ளபடி, கீழே அவர் படித்தபடி. சந்தேகமான எழுத்துக்கு அடியில் பென்சிலால் சிறு கோடு. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "நான் தப்பாப் படிச்சிருந்தா, நீங்க சரிபார்க்க ஏட்டுல என்ன இருக்குன்னு தெரியணுமே, ஐயா" என்றார். சுவடிப் பதிப்பின் அடிப்படை நெறியை அவர் யாரும் சொல்லாமல் தானே கண்டுகொண்டிருந்தார்.

ஆய்வேட்டுக்கு, அச்சான நூல் எதையும் எடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. அவருடைய சொந்த ஊர் பட்டு நெசவுக்குப் பேர்போன திருபுவனம். அதன் அருகே ஒரு கிராமத்தில் பரம்பரை நாட்டு வைத்தியர் வீட்டுப் பரணில் ஒரு சுவடிக் கட்டு கிடப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனார். முதலில் அந்த வீட்டார் தர மறுத்துவிட்டார்கள். அதில் நியாயம் உண்டு. இந்தப் பக்கத்தில் ஏட்டை வாங்கிப்போனவர்கள் திருப்பிக் கொடுக்காத கதை பல வீட்டிலும் இருக்கிறது. கயல்விழி ஆறு தடவை போனார். ஏட்டை வெளியே எடுத்துப் போக மாட்டேன் என்று சொல்லி, அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து புல் எண்ணெய் தடவித் துடைத்து, விளக்குக்கரி பூசி, ஓலை ஓலையாகப் படமெடுத்தார். மொத்தம் 58 ஏடுகள். வேலை முடிந்ததும் பழைய கயிற்றை மாற்றிப் புதுக் கயிறு கோத்து அதே கட்டாகக் கட்டிக் கொடுத்தார். பிறகு தம் ஆய்வேட்டின் ஒரு படியை அந்த வீட்டுப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுவதாக இருந்த கட்டு அது. இன்று அந்த வீட்டிலேயே மரப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

அந்த ஆய்வேட்டில் நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். 23ஆம் ஏட்டில் குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போது வரும் சுரத்துக்கு ஒரு கசாயம் சொல்லப்படுகிறது. "இஞ்சிச் சாறு" என்பதை அடுத்து, ஓலையில் "பெயமி" என்று இருக்கிறது. அதற்கு மேல் பூச்சி அரித்த துளை. துளைக்கு அப்பால் "ககசரயம", அதாவது "க் கசாயம்". நான் அதைப் பார்த்தவுடன் "இஞ்சிச் சாறு பெய், மிளகுக் கசாயம்" என்று படித்து, துளையில் போனது "ளகு" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். பொருளும் பொருந்தியது. சரி என்று எழுதிக்கொண்டு போயிருக்கலாம்.

மறுவாரம் அவர் ஓர் அளவுகோலோடு என் அறைக்கு வந்தார். அந்தக் கையெழுத்தில் ஓர் எழுத்து சராசரியாக எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அதே ஏட்டில் நாற்பது எழுத்துகளை அளந்து வைத்திருந்தார். துளை மூன்று எழுத்து அகலம். "ளகு" என்பது இரண்டு எழுத்துதான். அப்புறம் 41ஆம் ஏட்டின் படத்தைக் காட்டினார். அங்கே "பெயமிரடடி" என்று முழுதாக இருந்தது. பேய்மிரட்டி. பெய் அல்ல, பேய். துளையில் போனவை "ரடடி" என்ற மூன்று எழுத்துகள். அந்த வீட்டுப் பாட்டியிடமும் கேட்டிருக்கிறார். பிள்ளைக்குப் பல் முளைக்கிற காய்ச்சலென்றால் இன்றைக்கும் பேய்மிரட்டி இலையைத்தான் கசாயம் வைப்போம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். எழுத்தின் அகலம், அதே கையெழுத்தில் இன்னோர் இடம், வீட்டு வழக்கு என மூன்று பக்கத்திலிருந்தும் சான்று சேர்த்த பிறகே ஆசிரியரிடம் வந்து "ஐயா, இது மிளகு இல்லன்னு தோணுது" என்றார். அவர் படித்ததே சரி. ஆய்வேட்டில் அந்த இடத்தின் அடிக்குறிப்பில் என் பாடத்தையும் கொடுத்து, அதை ஏன் ஏற்கவில்லை என்பதையும் மரியாதையாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அவற்றை முதலில் படியுங்கள்.

சுவடியின் கடைசி ஏட்டில் எழுதியவர் பெயர் இல்லை. ஆங்கிரச வருஷம் என்று தொடங்கி மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் மட்டும் இருந்தன. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஆங்கிரச 1812-இலும் வரும், 1872-இலும் வரும். இரண்டுக்கும் பஞ்சாங்கக் கணக்குப் போட்டுப் பார்த்து, கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து பொருந்துவது 1872-இல் மட்டும்தான் என்று காட்டினார். அளவைக் குறியீடுகளைப் படித்த விதமும் அப்படியே. வராகனெடை, பலம், உழக்கு ஆகியவற்றுக்கு அந்த எழுத்தர் போட்ட சுருக்கக் குறிகளை ஏட்டு எண்ணோடு பட்டியலிட்டிருக்கிறார். பதினோரு இடங்களில் அளவு தெளிவாக இல்லை. அங்கெல்லாம் ஊகம் எழுதாமல் "தெளிவில்லை" என்று விட்டுவிட்டார். மருந்துச் சுவடியில் அளவை ஊகிக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

அவருடைய ஆய்வுத் திட்டத்தை நான் படித்துவிட்டேன். காவிரிப் படுகையில் வீடுகளில் தங்கிவிட்ட மருத்துவச் சுவடிகளையும், இதே பகுதியிலிருந்து ஜெர்மனிக்குப் போன சுவடிகளையும் எழுத்தர் குறிப்புகளின் வழியே ஒப்பிட நினைக்கிறார். சீகன்பால்க் 1706-இல் வந்திறங்கிய தரங்கம்பாடி எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். அந்த மிஷன் வழியாகச் சேர்ந்த தமிழ் ஓலைகள் ஹாலே நகரில் பிராங்கே அறநிலையத்தில் இருக்கின்றன. ஹாம்பர்க் நூலகத்திலும் தமிழ்ச் சுவடிகள் உண்டு. ஒரு பாதியை இங்கேயிருந்து படித்துவிட்டார். மறுபாதி அங்கேதான் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த விண்ணப்பம்.

குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். கயல்விழி வேகமாக வேலை செய்பவர் அல்லர். மறுபடி மறுபடி சரிபார்த்ததில் ஆய்வேட்டை ஒரு மாதம் தாமதமாகக் கொடுத்தார். காலக்கெடுவை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்தால் நல்லது. கிரந்த எழுத்தைத் தடையில்லாமல் படிப்பார். ஆனால் வடமொழி இலக்கணம் அவருக்குத் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. முதலாண்டிலேயே வடமொழி வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவது தெளிவாக இருக்கும். பேச்சில் முதல் பத்து நிமிடம் தயங்குவார், பொருள் பிடிபட்டதும் தயக்கம் போய்விடும். ஜெர்மன் மொழியில் ஏ1 தேர்வு முடித்து ஏ2 படித்துக்கொண்டிருக்கிறார். கருத்தரங்கில் தானாகக் கையுயர்த்த மாட்டார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள்.

இன்னொன்றும் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். பெற்றோர் இருவரும் பட்டு நெசவாளர்கள். படித்த இரண்டாண்டும் வாரக் கடைசியில் வீட்டுத் தறி வேலையிலும் உட்கார்ந்தார். மேலே சொன்னதெல்லாம் மிச்ச நேரத்தில் செய்தவை. முழு நேரமும் ஆய்வுக்கே என்று ஓர் உதவித்தொகை கிடைத்தால் அவர் எவ்வளவு செய்வார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஆகவே சேர்க்கையோடு உதவித்தொகைக்கும் அவரைப் பரிந்துரைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை ஆசிரியராக இருந்த கல்லூரியில். சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணிச் சுவடியை அவர் கையில் கொடுத்தது இந்த ஊரில்தான். அந்த நினைவு இருப்பதால், ஏடு படிக்க வருகிற பிள்ளைகளை நான் சற்றுக் கடுமையாகவே எடைபோடுவேன். 21 ஆண்டு ஆசிரியப் பணியில் வெளிநாட்டு முனைவர் பட்டத்துக்கு இதற்குமுன் இரண்டு பேருக்குத்தான் கடிதம் கொடுத்திருக்கிறேன். அவர்கள் படித்த காலத்தில் இருந்த நிலையோடு ஒப்பிட்டால், மூலபாடத்தைக் கையாளுவதில் கயல்விழி அந்த இருவரையும்விட ஒரு படி மேலே இருக்கிறார். எந்தத் தயக்கமும் இல்லாமல் அவரைப் பரிந்துரைக்கிறேன்.

மேலும் விவரம் வேண்டுமானால் துறையின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். காணொலி அழைப்பில் பேசவும் தயார். வகுப்புகள் இந்திய நேரம் பிற்பகல் 2 மணிக்குமேல் இருக்காது. அப்போது தங்களுக்குக் காலைப் பொழுதாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,

முனைவர் இரா. செங்குட்டுவன்
இணைப் பேராசிரியர், தமிழ்த்துறை

இணைப்பு: கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆய்வேட்டில் 23, 41, 58ஆம் ஏடுகளுக்குரிய பக்கங்கள், ஏட்டுப் படங்களுடன்.