மரியதாஸ் அண்ணனுக்கு, வெள்ளிக்கிழமை இரவுக் குரல் பதிவு பற்றி

வணக்கம் அண்ணன்,

இதை நம் தோட்டத்து வெள்ளச் செய்திக் குழுவில் எல்லோரும் வாசிக்கும்படி போட விரும்பவில்லை. அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். நேற்று மாலை உங்கள் வாசல் வரை வந்தேன். நீங்கள் வேலை முடிந்து வந்திருக்கவில்லை. அண்ணி பிளேன்டீ ஊற்றித் தந்தார், குடித்துவிட்டு விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். அவர் வழியாக உங்களுக்குச் செய்தி அனுப்புவது சரியாகப் படவில்லை.

வெள்ளி இரவு 11.40க்கு நீங்கள் அனுப்பிய குரல் பதிவை 12.15க்கு நான்தான் நீக்கினேன். சொல்லாமல் நீக்கியது என் தவறு. கைத்தொலைபேசியைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தபோது தோட்டமே விழித்திருந்தது, முதலில் அதை நிறுத்தவேண்டும் என்ற பதற்றம்தான் இருந்தது.

அந்தப் பதிவில் பேசிய ஆள் யார் என்று உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். மேல் கொத்மலை அணையின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள், இரண்டு மணித்தியாலத்தில் களனி கங்கை தோட்டத்துக்குள் வந்துவிடும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்கிறார். குரலில் அவ்வளவு உறுதி. நானும் ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். ஆனால் மேல் கொத்மலை தலவாக்கலையில் இருக்கிறது. அங்கே திறக்கும் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து, கடைசியில் திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போகிறது. எவ்வளவு திறந்தாலும் கிராண்ட்பாஸுக்கு வராது. நம் ஆற்றுக்கு வருவது நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன், லக்சபான பக்கத்துத் தண்ணீர். அந்தக் கதவுகள் திறக்கும்போது நாம் கவனமாக இருக்கவேண்டியதுதான். பேசியவர் ஆறு மாறிப் பேசிவிட்டார். உங்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை அண்ணன். நடு இரவில் மழைச் சத்தத்துக்குள் அதைக் கேட்டால் மலைநாட்டு அணை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யார் யோசிப்பார்கள்?

அந்த 35 நிமிடத்தில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பாக்கியம் மாமி 2016 வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் தனியாக அரிசி மூட்டையை மேசைக்கு மேல் ஏற்றியிருக்கிறார். தையல் மெஷினைத் தூக்க முடியாமல் அதன் தலையை மட்டும் கழற்றிச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் வீடு வத்தளையில். ஆறு பெருகுகிறது என்று பயந்து, அதே ஆற்றைப் பாலத்தில் கடந்து அக்கரைப் பள்ளத்துக்குப் போயிருக்கிறார்! காலையில் திரும்பி வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில் நாகலகம் வீதி ஆற்று அளவுகோல் 3 அடிக்குக் கீழே இருந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: 4 அடி வந்தால் விழிப்பாக இருக்கவேண்டும், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். மேலே ஹங்வெல்லவில் ஏறினால்தான் பிறகு இங்கே ஏறும். அன்று ஹங்வெல்லவிலும் ஏறவில்லை.

குழு தொடங்கிய அன்று பாலர் பாடசாலை மண்டபத்தில் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசிக்கொண்டோம், நினைவிருக்கிறதா? யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்பதைச் செய்தியோடு சேர்த்துப் போடுவது. இரவு பத்து மணிக்குப் பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117இலோ கிராம அலுவலரிடமோ கேட்டு உறுதியானதை மட்டும் போடுவது. ஒருவர் "இது எங்கே வந்தது?" என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்வது. இதில் முதலாவது உங்களுடையது அண்ணன். "நேரம் போடாத செய்தி பழைய சோறு மாதிரி, எந்த நாள் சோறு என்று தெரியாமல் வாயில் வைக்கக்கூடாது" என்று நீங்கள் சொன்னதும் மண்டபமே சிரித்தது. அதைத்தான் நான் இன்றைக்கும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பெயரைப் போடாமல்.

அந்த விதியை முதலில் மீறியது நான்தான் என்பதையும் மறக்கவில்லை. கொலன்னாவை வெள்ளம் என்று நான் போட்ட படம் 2016இல் எடுத்தது என்று சிவா கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கு முகமே இல்லை. அன்று நீங்கள்தான் "விடு தங்கச்சி, அழித்துவிட்டு வேலையைப் பார்" என்று எழுதினீர்கள். இப்போது அதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்ல வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். நிரோஷினி "மாமா, இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டதற்கு, நேற்றுப் பிறந்த பிள்ளைகள் எனக்கு ஆறு காட்டவேண்டாம் என்று எழுதினீர்கள். களைப்பிலும் பயத்திலும் வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. போன மழைக்கு வீடு வீடாகப் போய் வயதானவர்களின் மருந்துப் பெயர்களை எழுதி வைத்தது அந்தப் பிள்ளைதான். வெள்ளியிலிருந்து குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை, வழக்கமாகக் காலையில் அவள் போடும் வானிலை அறிவித்தலும் இல்லை. கேட்டது தப்பா அக்கா என்று என்னிடம் கேட்டாள். தப்பில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அவளிடம் ஒரு வார்த்தை பேசினால் நல்லது. குழுவில் எழுதவேண்டும் என்றில்லை, குழாயடியில் பார்க்கும்போது "எங்கே மகள், இன்றைய மழை என்ன சொல்கிறது?" என்று கேட்டாலே போதும், புரிந்துகொள்வாள்.

குழுவில் நான் இரண்டு வரி மட்டும் போட்டிருக்கிறேன்: அந்தப் பதிவு தவறானது, மேல் கொத்மலைத் தண்ணீர் களனிக்கு வராது என்று. யார் அனுப்பியது என்று எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும்தான், இருந்தாலும் நான் எழுதமாட்டேன். நீங்கள் விளக்கம் எதுவும் தரவேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். ஒன்றிரண்டு பேர் உங்களைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னார்கள் என்பதை வேறு யாராவது வந்து உங்களிடம் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சை நான் எடுக்கவே விடவில்லை. கடைசி வெள்ளத்தில் கயிறு கட்டி ஏழு வீட்டுக்காரரை வெளியே கொண்டுவந்தவரை நீக்கிவிட்டு யாரை வைத்துக் குழு நடத்துவது?

இனி இப்படி ஏதாவது வந்தால், எத்தனை மணியானாலும் எனக்கோ சிவாவுக்கோ ஒரு அழைப்பு எடுங்கள். என் தொலைபேசி இனித் தலையணைப் பக்கம்தான் இருக்கும். 117க்கு நாங்கள் எடுத்துக் கேட்டுவிட்டு, சரி என்றால் உங்கள் பெயரிலேயே போடுங்கள்.

ஒரு உதவியும் கேட்கவேண்டும். காலையில் வேலைக்குப் போகும்போது அளவுகோல் இருக்கும் பக்கமாகத்தானே போகிறீர்கள்? மழை நாட்களில் எத்தனை அடி என்று பார்த்து, நேரத்தோடு குழுவில் ஒரு வரி போடுவீர்களா? திணைக்களம் வெளியிடுகிறதுதான். ஆனாலும் நம் ஆள் கண்ணால் பார்த்துச் சொன்னால் பாக்கியம் மாமி தையல் மெஷினைக் கழற்றமாட்டார். நாளைக்கும் மழை என்கிறார்கள், முடிந்தால் நாளையிலிருந்தே தொடங்குங்கள்.

உங்கள் குடையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சாந்தி