இணையம் இல்லாமல் லேன் பார்ட்டி: நம் கணினி மன்றத்துக்கு ஒரு வழிகாட்டி

லேன் பார்ட்டி என்றால், ஒரே அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்களை வயரால் இணைத்து எல்லோரும் சேர்ந்து விளையாடுவது. இந்த வருஷம் அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளான நீங்கள்தான் நடத்தப்போகிறீர்கள். மூன்று வருஷம் நடத்தியதில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இதில் எழுதியிருக்கிறேன். இடம், தண்டையார்ப்பேட்டையில் நம் பள்ளியின் கணினி அறை. 12 கம்ப்யூட்டர், 24 பிள்ளைகள், சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை.

அறையில் நெட் இருந்தாலும் அன்றைக்கு அந்த கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு கம்ப்யூட்டர் அப்டேட் இறக்க ஆரம்பித்தால் போதும், எல்லோருடைய ஆட்டமும் திக்கும். அதைவிட, நாம் போட்ட வயரில், நாம் கொடுத்த முகவரியில், நம் அறைக்குள்ளேயே ஒரு சர்வர் ஓடுவதைப் பார்க்கிற சந்தோஷம் வேறு. நெட்வொர்க் என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்ததைவிட எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நெட் இல்லை என்பதால், மறந்த எதையும் அன்றைக்கு இறக்க முடியாது. ஆகவே வியாழக்கிழமைக்குள் எல்லாம் ஒரு பென்டிரைவில் இருக்க வேண்டும். விளையாட்டுகளின் இன்ஸ்டாலர், விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தனித்தனியாக. எல்லா மெஷினிலும் ஒரே பதிப்பு. பதிப்பு மாறினால் சர்வர் சேர்க்காமல் போகலாம், காரணம் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும்.

நாங்கள் இரண்டு விளையாட்டு வைத்தோம். இரண்டும் இலவசம், காப்பி எடுத்துக் கொடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஒன்று சூப்பர்டக்ஸ்கார்ட், கார் ரேஸ். இன்னொன்று லுவான்டி, கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுவது. 2024 வரை அதற்கு மைன்டெஸ்ட் என்று பெயர். அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப்பை அண்ணன், அக்காவிடம் கேட்டு வாங்கி வருகிறவர்கள் உண்டு. அதிலும் லுவான்டி ஓடும், செட்டிங்கில் பார்வை தூரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: புதிய லுவான்டியில் விளையாட்டு உள்ளேயே வராது, தனியாக இறக்க வேண்டும். அதை சர்வர் மெஷினில் மட்டும் முன்கூட்டியே இறக்கினால் போதும். மற்றவர்கள் சேரும்போது தேவையான படங்களையும் சத்தங்களையும் சர்வரே அனுப்பிவிடும். முதல் தடவை சேர கொஞ்சம் நேரம் ஆகும், பதறி மூடிவிடாதீர்கள்.

அடுத்தது வயரிங். வைஃபை வேண்டவே வேண்டாம், இத்தனை பேர் ஒரே அறையில் ஆடினால் தடுமாறும். கேபிள்களை ஒன்றுசேர்க்கும் 16 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை நடு மேஜையில் வைத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கேபிள் இழுங்கள். கேபிளை நாமே கிரிம்ப் செய்யலாம், அதாவது முனையில் பிளக்கைக் கருவியால் அழுத்திப் பொருத்தலாம். பிளக்கின் கிளிப் கீழே, தங்க நிற முனை மேலே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. எட்டு கம்பியும் பிளக்கின் முன்சுவரை முட்டி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே அழுத்துங்கள். ஒரு கம்பி அரை மில்லிமீட்டர் பின்னால் நின்றால்கூட அந்த மெஷின் வரும், போகும்.

இரண்டாவது வருஷம் காலை 10 மணிக்கு எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. சுவிட்சில் அத்தனை விளக்கும் படபடவென்று ஒன்றாகச் சிமிட்டின. இருபது நிமிஷம் தேடினோம். கீழே கிடந்த ஒரு கேபிளின் இரண்டு முனையையும் யாரோ நல்ல எண்ணத்தில் அதே சுவிட்சில் செருகிவிட்டிருந்தார்கள். அனுப்பிய செய்தி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகிவிட்டது. அதனால் ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். சுவிட்சில் கை வைக்க ஒருவருக்கு மட்டும் உரிமை.

முகவரி கொடுக்க ஆள் இல்லையென்றால் மெஷின்கள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே வைத்துக்கொள்ளும். அப்படியானால் நம் சர்வரோடு பேச முடியாது. ஆகவே முகவரி கொடுக்கும் வேலையை சர்வரே செய்யட்டும். சர்வர் மெஷினில் உபுண்டு போட்டு, `192.168.10.1` என்ற நிலையான முகவரி கொடுத்து, முகவரி கொடுக்கும் மென்பொருளான `dnsmasq`-ஐயும் நெட் இருக்கும்போதே நிறுவி வைத்து, அதன் கான்ஃபிக் கோப்பில் இதை எழுதுங்கள்:

```
interface=enp2s0
port=0
dhcp-range=192.168.10.50,192.168.10.99,255.255.255.0,12h
dhcp-option=3
```

`enp2s0` நம் சர்வரின் நெட்வொர்க் கார்டு பெயர். வேறு மெஷினானால் `ip a` போட்டுப் பாருங்கள். கடைசி வரி, வெளியே போக கேட்வே இல்லை என்று சொல்வது. பள்ளியின் நெட் கேபிள் இந்த சுவிட்சில் இருக்கும்போது இதை ஓடவிடாதீர்கள், அலுவலக மெஷின்களும் நம்மிடம் முகவரி வாங்கி நெட் இழந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு மெஷினிலும் `ping 192.168.10.1` அடித்துப் பாருங்கள். பதில் வராத மெஷினில் முதலில் கேபிளைப் பாருங்கள், செட்டிங்கை அப்புறம் பார்க்கலாம். இனி சர்வர்கள், இரண்டு டெர்மினலில்:

```
supertuxkart --lan-server=thondi
luanti --server --worldname thondi
```

`thondi` என்ற லுவான்டி உலகத்தை மெனுவில் முன்பே உருவாக்கி வைத்திருக்க வேண்டும். ரேஸுக்கு பிள்ளைகள் `Online`, `Local networking`, `Find server` என்று போனால் நம் சர்வர் பட்டியலில் தெரியும். லுவான்டியில் `192.168.10.1`, போர்ட் `30000`. பெயரில் ஆங்கில எழுத்து, எண், `-`, `_` மட்டும்தான் ஏற்கும், தமிழில் எழுதினால் உள்ளே விடாது. சிலர் எவ்வளவோ முயன்றும் சேர முடியாத காரணம் பெரும்பாலும் இதுதான்.

கரன்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 6 ஆம்பியர் சாக்கெட்டில் 230 வோல்ட்டுக்கு 1380 வாட்தான் இழுக்கலாம். மானிட்டரோடு ஒரு மெஷினுக்கு 150 வாட் வைத்தாலும் ஆறு மெஷினுக்கு 900. ஆகவே ஆறு ஆறாக, தனித்தனி லைனில். எது எந்த லைன் என்று எலக்ட்ரீசியன் அண்ணனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஸ்பைக் பஸ்டரில் இன்னொரு ஸ்பைக் பஸ்டரை மாட்டாதீர்கள். சர்வரும் சுவிட்சும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். கரன்ட் போய் வந்தாலும் கட்டிய ஊர் அப்படியே இருக்கும்.

ஆட்ட முறை நம் தெரு கேரம் போட்டி மாதிரிதான். ரேஸ் சர்வரில் வழக்கமாக 8 பேர் வரை. 24 பேரை மூன்று சுற்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இருவர் நேராக இறுதிக்குப் போகட்டும். மூன்றாவதாக வந்த மூன்று பேருக்குள் ஒரு ரேஸ் வைத்து, அதில் முதல் இருவரையும் சேர்த்தால் இறுதிக்கு 8 பேர். ரேஸ் ஓடும்போது மீதி 4 மெஷினில் லுவான்டி. வெளியே நிற்கிறவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை மாறி மாறி உட்காரட்டும், கையில் ஒரு பட்டியல் வைத்து டிக் அடியுங்கள். பெயரைக் கூப்பிடாவிட்டால், கேட்கத் தயங்கும் பிள்ளை கடைசி வரை சுவரில் சாய்ந்துகொண்டே நிற்கும். ஆறாம் வகுப்பில் இரண்டு பேர் முதல் வருஷம் அப்படித்தான் நின்றார்கள், எங்களுக்குத் தெரிந்தபோது மணி 12:30.

வெள்ளிக்கிழமை மாலையே நெட் கேபிளைக் கழற்றி, 12 மெஷினிலும் இரண்டு விளையாட்டையும் பத்து நிமிஷம் ஆடிப் பாருங்கள். ஏதாவது ஒன்று நெட் கேட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும், சரிசெய்ய ராத்திரி இருக்கிறது. சனிக்கிழமை முடிந்ததும் `dnsmasq`-ஐ நிறுத்தி, கேபிள்களை எண் வரிசையில் சுருட்டி, நெட் கேபிளைப் பழைய போர்ட்டிலேயே மாட்டி, அலுவலக மெஷினில் நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டு அறைச் சாவியைக் கொடுங்கள்.