பள்ளி வினாடி வினா: சுற்றுகளுக்கு இடையே வாசிக்கும் இணைப்புப் பாக்கள்

(நடத்துநர் கையில் இருக்க வேண்டிய படி. கும்பகோணம், பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் விழா. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. காவிரி, வைகை, பொருநை, பாலாறு என நான்கு அணிகள், அணிக்கு மூவர். ஒரு சுற்று முடிந்து மதிப்பெண் கூட்டும் ஆசிரியர் தலை நிமிர்வதற்குள் ஒரு பாவை வாசித்து முடித்துவிட வேண்டும். அவர் முந்திக்கொண்டால் உரைநடைப் பகுதியைச் சுருக்கலாம், பாவைச் சுருக்கக் கூடாது. காரணம் எட்டாம் சுற்றில் இருக்கிறது.)

தொடக்கம்

காவிரி பாயும் ஊரினிலே – நல்ல
கல்வி வளரும் பள்ளியிலே
நாவினில் விடையை ஏந்திவந்த – எங்கள்
நான்கு நதிகளும் மேடையிலே!

காவிரி ஓரணி, வைகை ஓரணி,
கரைகள் தொட்டிடும் பொருநை ஓரணி,
பாவிசை பாடும் பாலாறு ஓரணி,
பார்ப்போம் முதலில் பாய்வது எவ்வணி?

தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், தரையில் நெருக்கி அமர்ந்து இடம் கொடுத்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம். பாலாறு அணியினர் தங்கள் ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் தெரிகிறது என்று வருந்த வேண்டாம்; அந்த மணலுக்கு அடியில் ஊறும் நீரை நம்பி எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, ஆகவே உங்களையும் குறைத்து மதிப்பிட மாட்டோம். நேரடி விடைக்குப் பத்து மதிப்பெண், பிற அணியிடமிருந்து வந்த கேள்விக்கு ஐந்து. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: கேள்விகளைப் போலவே என் பாக்களையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

முதற்சுற்றுக்கு முன்: தமிழ்

ஏழே சீரில் உலகளந்தார் – அதை
இரண்டே அடியில் எழுதிவைத்தார்
வாழும் முறையை மூன்றுபாலாய் – நம்
வள்ளுவர் வகுத்துத் தந்துசென்றார்.

நூற்று முப்பத்து மூன்றதி காரம்,
நூலில் ஒவ்வொன்றும் பத்துக் குறளாம்;
போற்றிப் பெருக்கிப் பாருங்கள் மொத்தம்,
புரிந்தவர் கைகள் எழுப்பட்டும் சத்தம்!

கைதட்டாதவர்களை நான் பார்த்துக்கொண்டேன். கணிதச் சுற்றில் சந்திப்போம். இச்சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் முப்பது வினாடிகள். குறளின் முதற்பாதியை நான் சொல்லும்போது மறுபாதியைச் சீர் பிறழாமல் சொன்னால்தான் முழு மதிப்பெண். பொருள் தெரியும், சொல் மறந்துவிட்டது என்பவர்களுக்குப் பாதி மதிப்பெண் தருவதற்குத் தமிழாசிரியர் பெரிய மனத்துடன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் சுற்றுக்கு முன்: வரலாறு

கல்லைச் செதுக்கிக் கோயில் சமைத்தான்,
கணக்கையும் அதிலே எழுதிவைத்தான்;
சொல்லைக் கல்லில் பொறித்த தாலே
சோழன் பேச்சு நிலைத்தது மேலே.

ஆயிரத் தோடொரு பத்தெனும் ஆண்டு
அப்பணி நின்றது நிறைவைக் கண்டு;
போயதைக் காணத் தொலைவொன்றும் இல்லை,
பேருந்தில் ஏறினால் தஞ்சையின் எல்லை!

முதலாம் இராசராசன் தான் கொடுத்ததை மட்டும் கல்லில் வெட்டச் சொல்லவில்லை. தமக்கை குந்தவை கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்தே பொறிக்கச் சொன்னான். அதனால்தான் ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் யார் என்ன தந்தார்கள் என்பதை நம்மால் படிக்க முடிகிறது. நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தாராசுரத்தை விட்டுவிட்டுத் தஞ்சைக்குப் போய்விட்டாரே என்று முன்வரிசையில் இருவர் முறைப்பது தெரிகிறது. பொறுங்கள், 1987-இல் தஞ்சைப் பெரிய கோயில் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது தனித்து நின்றது என்பதும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இல்தான் அதனுடன் சேர்ந்தன என்பதும் தெரிந்தவர்களுக்கு இச்சுற்றின் ஒரு கேள்வி மிக எளிது.

மூன்றாம் சுற்றுக்கு முன்: நிலமும் நீரும்

குடகு மலையில் பிறந்தவளாம் – ஒகே
னக்கல் பாறையில் குதித்தவளாம்
தடமிரண் டாக முக்கொம்பிலே – பிரிந்து
தங்கை கொள்ளிடம் தந்தவளாம்.

கல்லணை தாண்டிக் கைவிரித்தே – பல
கால்வாய் எங்கும் நடந்தவளாம்
நெல்லணி வயலைப் பச்சையாக்கி – கடல்
நீரில் புகாரில் கலந்தவளாம்!

காவிரி அணியினர் எழுந்து நின்று கையசைக்க வேண்டியதில்லை. பாட்டில் இருப்பது ஆறு, நீங்கள் அல்ல. இச்சுற்றின் விடைகளில் நான்கு அணிகளின் பெயர்களும் எங்காவது ஓரிடத்தில் வரக்கூடும். ஆனால் தெரியாத கேள்விக்கெல்லாம் தம் அணியின் பெயரையே விடையாகச் சொல்லும் தந்திரம் பலிக்காதபடி, தவறான விடைக்கு இந்த ஒரு சுற்றில் மட்டும் ஐந்து மதிப்பெண் கழிக்கப்படும்.

நான்காம் சுற்றுக்கு முன்: அறிவியல்

(இன்றைய விழாவின் நடுநாயகம் இச்சுற்று. இதை மட்டும் நிதானமாக வாசிக்கவும்.)

கடலின் நிறமேன் நீலமென்று – அவர்
கப்பலில் நின்று கேட்டாராம்
திடமாய் விடையைத் தேடிச்சென்று – பின்
சிதறும் ஒளியில் கண்டாராம்.

ஆண்டும் இருபத் தெட்டாகும் – அவர்
ஆய்வின் நாளும் இருபத்தெட்டே!
ஈண்டு நாமும் கூடிநிற்கும் – இந்த
எழில்மிகு நாளும் இருபத்தெட்டே!

1921-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சர் சி. வி. இராமன், நடுநிலக்கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு, வானத்தின் நிறம் நீரில் தெரிவதுதான் கடலின் நீலம் என்னும் விளக்கத்தில் நிறைவு கொள்ளாமல், நீரே ஒளியைச் சிதறச் செய்கிறதா என்று தேடத் தொடங்கினார். அந்தத் தேடல் 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் இராமன் விளைவாக வெளிப்பட்டது. ஒரு பொருளின் மீது ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் நிறத்திலிருந்து சற்று விலகி வருகிறது. அந்த விலகலின் அளவை வைத்து அப்பொருளின் மூலக்கூறுகளை அடையாளம் காணலாம். அவருடன் நின்று உழைத்த கே. எஸ். கிருஷ்ணனும் தமிழ்நாட்டவரே. 1930-இல் இராமனுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் என்பதால், இங்கே திருச்சியில் தாத்தா வீடு உள்ளவர்கள் சற்று நிமிர்ந்து அமரலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஒவ்வோர் அணிக்கும் ஒரு செய்முறை: மேசை மீது நான் செய்து காட்டுவேன், நடப்பதற்குக் காரணம் என்ன என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் சுற்றுக்கு முன்: கணிதம்

பிறந்தது ஈரோடு, வளர்ந்தது குடந்தை – எண்கள்
பேசிடும் மொழியை அறிந்ததக் குழந்தை;
சிறந்ததொன் றில்லையென் றார்ஹார்டி ஓரெண்ணை – அதன்
சிறப்பினைச் சொன்னவர் திறந்தார் அவர்கண்ணை.

மருத்துவமனையில் படுத்திருந்த இராமானுஜனைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பாக ஒன்றும் தெரியவில்லை என்றும் சொன்னார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்று இராமானுஜன் உடனே விடையளித்தார். அந்த இரண்டு வழிகளையும் நான் சொல்ல மாட்டேன். அதுதான் முதற்கேள்வி, தாளும் பென்சிலும் அனுமதி.

ஆறாம் சுற்றுக்கு முன்: படச்சுற்று

திரையினில் ஒருபடம் தெரியும் பாரீர் – அது
தெரிந்தவர் மணியினை அழுத்த வாரீர்;
கரையினில் நிற்பவர் கைதட்டலாம் – விடை
காதினில் ஓதினால் கழித்திடலாம்!

கழிப்பது யாருடைய மதிப்பெண் என்று கேட்பவர்களுக்கு: ஓதியவருடைய நண்பர் இருக்கும் அணியின் மதிப்பெண்தான். நட்பின் பெயரால் நடக்கும் உதவிகள் இதனால் குறையும் என்று நம்புகிறோம்.

(திரையில் படம் வராவிட்டால் மட்டும் இதை வாசிக்கவும், தேவைப்பட்டால் இரண்டாம் முறையும் வாசிக்கலாம்.)

இணைப்பு வந்தால் படம்வரும் – படம்
எழுந்தால் தானே விடைவரும்
பிணைத்த கம்பியைத் திருப்பியிட்டால் – இந்தப்
பெட்டிக்கும் கொஞ்சம் உயிர்வரும்!

ஏழாம் சுற்றுக்கு முன்: விளையாட்டு, விரைவுச் சுற்று

அறுபத்து நான்கு கட்டமுண்டு – அதில்
அணிவகுத் திருபுறம் படைகளுண்டு
பெறுவதற் கரிய உலகப்பட்டம் – அதைப்
பதினெட்டு வயதில் குகேஷ் வென்றதுண்டு!

ஓர் அணிக்கு ஒரு நிமிடம், பத்துக் கேள்விகள். தெரியாவிட்டால் ‘அடுத்தது’ என்று சொல்லிவிடுங்கள். யோசித்துக்கொண்டு நிற்கும் நேரமும் உங்கள் நிமிடத்தில்தான் கழியும். 1988-இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2024-இல் குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். இவ்விரண்டையும் நானே சொல்லிவிட்டதால் இனி அவை கேட்கப்பட மாட்டா. குறைந்த மதிப்பெண் பெற்றுள்ள அணி முதலில் வரட்டும்.

(இரண்டு அணிகள் சமநிலையில் நின்றால் மட்டும்.)

ஒன்றே புள்ளி இருஅணிக்கும் – அதை
ஒருவிடை வந்தே பிரித்துவைக்கும்
நின்றே கேட்டபின் மணியழுத்தும் – கை
நிதானம் இருந்தால் விடைபிறக்கும்.

எட்டாம் சுற்றுக்கு முன்: செவிச்சுற்று

சுற்றுக் கிடையில் பாடிவந்தேன் – அதில்
சொல்லொன் றிரண்டை மூடிவந்தேன்
உற்றுக் கேட்ட செவிகளையே – இங்கு
ஒவ்வோர் இருக்கையாய்த் தேடிவந்தேன்!

இது மேடையில் இருப்பவர்களுக்கான சுற்று அன்று, பார்வையாளர்களுக்கான சுற்று. கேள்விகள் அனைத்தும் இதுவரை நான் வாசித்த பாக்களிலிருந்து மட்டுமே வரும். சரியாகச் சொல்பவருக்கு ஒரு மைப்பேனா, அவர் ஆதரிக்கும் அணிக்கு ஐந்து மதிப்பெண். எழுந்து நின்று, வகுப்பையும் பிரிவையும் சொல்லிவிட்டு விடை சொல்லுங்கள்.

முதற்கேள்வி: காவிரியிடமிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தின் பெயர் என்ன? (முக்கொம்பு.)

இரண்டாவது: எண்களின் மொழி அறிந்த நம் குடந்தைப் பிள்ளை பிறந்த ஊர் எது? (ஈரோடு. கும்பகோணம் என்று நிறையப் பேர் கத்துவார்கள். இரண்டு வாய்ப்புகள் வரை கொடுக்கலாம்.)

மூன்றாவது: கடலின் நீலத்தைப் பற்றிய கேள்வி எழுந்தபோது இராமன் எதன் மீது நின்றுகொண்டிருந்தார்? (கப்பல்.)

நான்காவது: சோழன் கோயிலைச் சமைத்ததோடு அதிலேயே எதை எழுதிவைத்தான் என்று பாடினேன்? (கணக்கு.)

ஐந்தாவது, கடைசிக் கேள்வி: முதற்பாவில் பெருக்கச் சொன்னேன் அல்லவா, மொத்தம் எவ்வளவு? (1330. தொடக்கத்தில் கைதட்டாத வரிசையிலிருந்து ஒருவரை எழுப்பிக் கேட்கவும்.)

மதிப்பெண் பலகையைத் திருப்பிவைக்குமாறு கணித ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். அணித்தலைவர்கள் நால்வரும் மேடையின் நடுவே வந்து நிற்க, முடிவைத் தலைமை ஆசிரியர் அவர்கள் அறிவிப்பார்கள்.