பாடக்குறிப்பு மேலாய்வு: ஆறாம் வகுப்பு அறிவியல், கலவைகளைப் பிரித்தல்

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் திங்களன்று கொடுத்த பாடக்குறிப்பை இரண்டு முறை படித்தேன். அரிசியில் கல் பொறுக்குவதில் தொடங்கி மரக்காணம் உப்பளத்தில் கொண்டுபோய் முடித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. நம் பிள்ளைகள் இரண்டையும் அறிந்தவர்கள். அதில் கை வைக்க வேண்டாம். மற்றவற்றில் சில திருத்தங்கள் தேவைப்படுகின்றன.

முதலில் கற்றல் நோக்கங்கள். "பிரித்தல் முறைகளை அறிந்துகொள்வர்", "அவற்றின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வர்", "அறிவியல் மனப்பான்மை பெறுவர்" என்று மூன்று எழுதியிருக்கிறீர்கள். மணி அடிக்கும்போது ஒரு பிள்ளை புரிந்துகொண்டானா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? அவன் செய்வதும் சொல்வதும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது நோக்கம் ஓராண்டு முழுவதும் நடக்க வேண்டிய வேலை, ஒரு பாடவேளைக்குள் அடங்காது. மூன்றுக்கும் பதிலாக ஒன்றே போதும்: "மணல், உப்பு, இரும்புத்தூள் கலந்த கலவையைக் கொடுத்தால், எதை முதலில், எந்த முறையில் பிரிக்கலாம் என்று காரணத்துடன் கூறி, பிரித்தும் காட்டுவர்." இப்படி எழுதிவிட்டால் மதிப்பீடும் தானாகவே திருந்திவிடும். இப்போது மதிப்பீட்டில் இருப்பது "வடிகட்டுதல் என்றால் என்ன?" என்ற ஒரே கேள்வி. புத்தக வரியை ஒப்பிக்கும் பிள்ளையும் அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடுவான்.

அடுத்து நேரம். மொத்தம் 45 நிமிடம் என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் பார்த்தேன்: அறிமுகம் 5, படித்தல் 10, மனவரைபடம் 10, முதல் செயல்பாடு 10, குழு விவாதம் 8, இரண்டாம் செயல்பாடு 10, மதிப்பீடு 5, தொடர்பணி 2. ஆக 60 வருகிறது. அந்த 15 நிமிடத்தை வகுப்பில் எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். அவசரத்தில் எப்போதும் வெட்டுப்படுவது கடைசியில் இருக்கும் செயல்பாடும் மதிப்பீடும்தான். அப்படி நடக்கவே கூடாது.

வெட்ட வேண்டிய இடத்தை உங்கள் குறிப்பே காட்டுகிறது. படிக்கும்போது முறைகளின் பெயர்களை அடிக்கோடிடுகிறார்கள், மனவரைபடத்தில் அதே பெயர்களை எழுதுகிறார்கள், குழு விவாதத்தில் மறுபடியும் அவற்றையே பட்டியலிடுகிறார்கள். சேற்று நீரைத் துணியில் வடிப்பது, தேநீரை வடிகட்டியில் வடிப்பது என்ற இரண்டு செயல்பாடுகளும் ஒன்றுதான். குழு விவாதத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு செயல்பாடுகளுக்குப் பதில் மேலே சொன்ன மூன்று பொருள் கலவையை வைத்து ஒரே செயல்பாடாக்குங்கள். மனவரைபடத்தை அதற்குப் பிறகு வையுங்கள். கையால் செய்து பார்த்ததை வரையட்டும். அறிமுகம் 5, படித்தல் 8, செயல்பாடு 15, மனவரைபடம் 8, மதிப்பீடு 6, தொடர்பணி 3 என்று வைத்தால் 45 சரியாக வரும். பொருள்களை வழங்கவும் திரும்ப வாங்கவும் ஆகும் நேரமும் அந்த 15 நிமிடத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

பொருள்கள் பட்டியலில் காந்தமே இல்லை! இரும்புத்தூள் இருக்கிறது, அதைப் பிரிக்கும் பொருள் இல்லை. உப்பு நீரைக் காய்ச்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். விளக்கும் இல்லை, பாத்திரமும் இல்லை. வரைபடத்தாள் எட்டு என்று இருக்கிறது. அது எதற்கென்று குறிப்பில் எங்கும் இல்லை. மனவரைபடத்துக்கென்றால் குழுவுக்கு ஒன்றாக ஆறு போதும். 36 பிள்ளைகள், ஆறு குழுக்கள். ஆனால் டம்ளர் இரண்டுதான் எழுதியிருக்கிறீர்கள். குழுவுக்கு இரண்டு டம்ளர், ஒரு வெள்ளைத் துணி, ஒரு காந்தம், ஒரு தட்டு என்று கணக்கிட்டு எழுதுங்கள். ஆறாம் வகுப்பில் தீ வேண்டாம். வடித்த உப்பு நீரைத் தட்டில் ஊற்றி வராந்தாப் படியில் வெயிலில் வைத்துவிடுங்கள். தட்டில் உப்பு படிவதைப் பிள்ளைகளே வந்து பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் தொடர்பணி. மரக்காணத்தில் நடப்பதும் அதுதான்.

மணல் பற்றியும் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை எடுத்துவரச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கும். காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்களும் இருக்கும். பிள்ளைகள் நாம் கலந்தது எது, மணலில் இருந்தது எது என்று குழம்புவார்கள். கழுவிக் காயவைத்த ஆற்று மணலே இதற்கு ஏற்றது. காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். காகிதத்தை உருவினால் இரும்புத்தூள் உதிர்ந்துவிடும். சுற்றாமல் கொடுத்தால் தூளைச் சுரண்டி எடுப்பதிலேயே நேரம் போய்விடும். தண்ணீர் ஊற்றும் முன்பே காந்தத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

நம் அறிவியல் பெட்டியில் நான்கு காந்தங்கள்தான் இருக்கின்றன. மீதி இரண்டை நான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன். திருத்திய பக்கத்தைப் புதன் மதிய உணவுக்கு முன் கொடுங்கள், கையெழுத்திட்டுத் தருகிறேன். வெள்ளிக்கிழமை இரண்டாம் பாடவேளையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைப் பார்க்க விரும்புகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, கடலூர் ஒன்றியம்