இன்றைய சொல்: அகழி

வேலூரிலிருந்து பாட்டி எழுதுகிறேன், பிள்ளைகளே. இந்த வாரம் முழுக்க நம் சொற்கள் எல்லாம் கோட்டையிலிருந்து வரும். நேற்று மதில் பார்த்தோம். இன்று மதிலை விட்டு வெளியே வந்து, கீழே குனிந்து பார்க்கிறோம்.

அகழி என்றால், கோட்டையைச் சுற்றித் தோண்டி வைத்த ஆழமான, அகலமான பள்ளம். பெரும்பாலும் அதில் தண்ணீர் நிற்கும்.

ஆறும் தண்ணீர்தான், ஏரியும் தண்ணீர்தான், இது மட்டும் ஏன் வேறு பெயர் என்று கேட்பீர்கள். ஆறு தானாக ஓடி வருவது. ஏரியும் குளமும் குடிக்க, குளிக்க, வயலுக்குப் பாய்ச்ச. அகழி யாருக்கும் தண்ணீர் கொடுப்பதற்காக வெட்டியது இல்லை. "உள்ளே வராதே!" என்று சொல்வதற்காக வெட்டியது. அதனால்தான் அது கோட்டையைச் சுற்றிக்கொண்டு போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேரும்.

வாயில் வரவேண்டிய ஒலி

நடுவில் இருக்கும் 'க' அழுத்தமாக வராது. 'மகள்' என்று சொல்லும்போது எப்படி மெதுவாக வருகிறதோ அப்படியே. கடைசியில் வரும் 'ழி'தான் வேலை வாங்கும். 'லி' சொன்னால் நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் தொடும். 'ளி' சொன்னால் மேலே அண்ணத்தைத் தொடும். 'ழி' சொன்னால் நாக்கு பின்னால் வளையும், ஆனால் எதையும் தொடாது. கண்ணாடி முன்னால் நின்று மழை, பழம், வாழை, அகழி என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். முதல் மூன்றும் சரியாக வந்தால் நான்காவது தானாக வந்துவிடும். (அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை 'அகளி' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். இங்கே வேலூரிலேயே பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறோம்.)

நினைவில் நிற்க ஒரு வழி

அகலமான குழி. முதல் சொல்லின் தலையையும் இரண்டாவது சொல்லின் வாலையும் பிடித்து ஒட்டுங்கள்: அக + ழி = அகழி!

இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து "அகல" என்று சொல்லுங்கள். உடனே குனிந்து தரையைக் காட்டி "குழி" என்று சொல்லுங்கள். மூன்றாவது தடவை கையை விரித்துக்கொண்டே குனிந்து "அகழி!" சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும், சொல் மறக்காது. எந்த 'ழி' போடுவது என்ற சந்தேகமும் வராது, குழியில் இருக்கும் அதே 'ழி'தான்.

பெரிய பிள்ளைகள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்னது நினைவுக்காக நாம் கட்டிய கதை. சொல் உண்மையில் பிறந்தது அகழ் என்ற வினையிலிருந்து. அகழ் என்றால் தோண்டு. தோண்டியதால் அது அகழி. வீட்டில் யாரும் "செடி வைக்க மண்ணை அகழ்" என்று சொல்வதில்லை, தோண்டு என்றுதான் சொல்வோம். ஆனால் அகழ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கீழடியில் மண்ணைத் தோண்டிப் பழைய செங்கல் சுவர்களையும் பானை ஓடுகளையும் எடுத்தார்களே, அந்த வேலைக்குப் பெயர் அகழாய்வு. அகழ் + ஆய்வு. செய்தியில் அடுத்த முறை இந்தச் சொல் காதில் விழுந்தால், உள்ளே ஒளிந்திருக்கும் அகழைப் பிடித்துவிடுங்கள். திருக்குறளில் பொறையுடைமை அதிகாரத்தின் முதல் சொல்லே 'அகழ்வாரை'தான். தன்னைத் தோண்டுபவரையும் தாங்கிக்கொள்ளும் நிலத்தைப் பற்றிய குறள் அது. உங்கள் வீட்டில் யாருக்காவது மனப்பாடமாகத் தெரியும், சொல்லச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் அகழி

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சாலையைக் கடந்தால் கோட்டை வந்துவிடும். கருங்கல் மதில், அதன் காலடியில் பச்சை நிறத் தண்ணீர். 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர அரசர்கள் காலத்தில் கட்டிய கோட்டை இது. பரப்பு சுமார் 133 ஏக்கர். அத்தனையையும் சுற்றிப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். ஜேசிபி கிடையாது, லாரி கிடையாது. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, அவ்வளவுதான். ராஜா பெயர் கல்வெட்டில் இருக்கும், கூடை சுமந்தவர் பெயர் எங்கே இருக்கும்?

இவ்வளவு பாடுபட்டு ஏன் வெட்ட வேண்டும்? எதிரியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மதில் மேல் ஏணி சாய்க்க வேண்டும் என்றால் மதிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அங்கே தண்ணீர். யானையைக் கொண்டுவந்து கதவை முட்டச் செய்யலாம் என்றால், யானை ஓடி வருவதற்குத் தரை இல்லை. சரி, மண்ணுக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் போகலாம் என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்தால், அகழித் தண்ணீர் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும். நீந்தித்தான் வர வேண்டும். நீந்துகிறவன் கையில் வாளைப் பிடிக்க முடியுமா? மேலே இருந்து அம்பு வேறு வரும்.

முதலை இருந்ததா என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்தன என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. யார் இறங்கி எண்ணினார்களோ! ஆனால் அகழியில் முதலை என்பது தமிழுக்குப் புதிதில்லை. சங்கப் பாட்டு ஒன்றில், சோழன் தாக்கிய ஊர் ஒன்றைச் சுற்றி ஆழமான அகழி. இரவில் காவல்காரர் கையில் விளக்கோடு நடக்கிறார். விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் விழுகிறது. அதை இரை என்று நினைத்து முதலைகள் கூட்டமாக ஓடி வந்து கவ்வப் பார்க்கின்றன! அந்தப் புலவர் அங்கே அகழிக்குப் போட்ட சொல் 'இலஞ்சி'. இன்னொரு பழைய பெயரும் உண்டு, 'கிடங்கு'. இப்போது கிடங்கு என்றால் நெல் மூட்டை, சரக்கு அடுக்கி வைக்கும் இடம். அகழி மட்டும் பொருள் மாறாமல் அப்படியே இருக்கிறது.

அகழி வெளியிலிருந்து வருகிறவரைத்தான் தடுக்கும் என்பதையும் இந்தக் கோட்டையே காட்டியிருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று இங்கே சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார்கள். அவர்கள் இருந்தது கோட்டைக்கு உள்ளே. அகழி என்ன செய்யும்?

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது. ஜலம் என்றால் தண்ணீர், பெயருக்கு ஏற்ற சாமி. 2021 நவம்பரில் கொட்டிய மழையில் அகழி நிறைந்து, கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் ஒரு கேலி சொல்வார்கள்: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். பாலாற்றில் மணல்தான் தெரியும், மலையெல்லாம் பாறை, கோயிலில் பல காலம் மூலவர் இல்லாமல் இருந்தது. 1981-இல் சாமி வந்துவிட்டார், கேலி மட்டும் நிற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அந்தப் பட்டியலில் அகழி இல்லை.

வாக்கியத்தில்

வேலூர்க் கோட்டையைச் சுற்றி அகழி இருக்கிறது.

இரவு முழுக்க மழை பெய்து அகழி நிரம்பிவிட்டது.

பகைவர்கள் அகழியைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போனார்கள்.

வீட்டில் பேசும்போது: "தாத்தா, அகழிக்குள்ள இப்பவும் முதலை இருக்கா?" "இல்லடா கண்ணு, இப்ப மீனுதான் இருக்கும்."

இந்த வாக்கியங்களில் ஒரு சின்ன 'ய்' வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தீர்களா? அகழி + ஐ சேரும்போது அகழிஐ ஆகாது, அகழியை. அகழியில், அகழியோடு எல்லாம் அப்படித்தான். 'இ' என்று முடியும் சொல் எதுவானாலும் இதே கதை: புலியை, தம்பியை, நாற்காலியில். 'கு' சேரும்போது மட்டும் 'ய்' வேண்டாம், அகழிக்கு.

உங்கள் ஊரில் தேடுங்கள்

லண்டன் பிள்ளைகள் டவர் ஆஃப் லண்டன் போயிருப்பீர்கள். அதைச் சுற்றி இப்போது புல் முளைத்திருக்கும் பள்ளம் அகழிதான், 1843-இல் தண்ணீரை வடித்துவிட்டார்கள். தண்ணீர் வற்றினாலும் அதன் பெயர் அகழிதான், தோண்டியது தோண்டியதுதானே. ஜப்பானில் இருப்பவர்கள் ஒசாகா கோட்டைக்குப் போனால் தண்ணீர் நிற்கும் அகழியைப் பார்க்கலாம். கோட்டையே இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் கடற்கரைக்குப் போங்கள். மணலில் கோட்டை கட்டுங்கள். சுற்றிலும் விரலால் பள்ளம் அகழுங்கள் (இன்று ஒரு நாள் மட்டும் 'தோண்டுங்கள்' சொல்லக் கூடாது!). அலை வந்து அதை நிரப்பும் வரை காத்திருந்து, யார் முதலில் "அகழி நிரம்பிடுச்சு!" என்று கத்துகிறார்களோ அவர்தான் ராஜா. ராணி என்றாலும் சரி.

எழுதத் தெரிந்தவர்கள் அகழியை, அகழியில், அகழிக்கு மூன்றையும் வைத்து மூன்று வாக்கியம் எழுதி அனுப்புங்கள். எழுத வராத குட்டிகள் கோட்டை, அகழி, முதலை வரைந்து அனுப்பலாம். முதலை எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள், பத்தாயிரம் வேண்டாம்.

நாளைய சொல்: கொத்தளம். மதில் மூலையில் பிதுங்கிக்கொண்டு நிற்குமே, அது.