பொது மேலாளர் தேவை: மாம்பழக்கூழ் ஆலை, காவேரிப்பட்டினம் அருகே, கிருஷ்ணகிரி மாவட்டம்

எங்கள் ஆலையின் அன்றாடப் பொறுப்பு முழுவதையும் ஏற்று நடத்த ஒரு பொது மேலாளர் வேண்டும். பெங்களூரா, அல்போன்சா இரண்டு ரகமும் ஓட்டுகிறோம். சீசனுக்கு ஏறத்தாழ 12,000 டன் காய் எடுத்து, கூழாக்கி, 215 கிலோ டிரம்களில் அடைத்துச் சென்னைத் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்கிறோம். நிரந்தரப் பணியாளர்கள் 85 பேர். சீசனில் 400 பேரைத் தாண்டும்.

வேலையை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஆலை இரவு பகலாக ஓடும். வார விடுமுறை கிடைக்காது. நள்ளிரவிலும் போன் வரும். சென்ற சீசனில், மழை விட்ட மறுநாள் 90 லாரிகள் வாசலில் வந்து நின்றன. பழுக்கவைக்கும் அறைகளில் இடமில்லை. டோக்கன் வாங்கியவர்களுக்கு எப்போது முறை வரும் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. தார்ப்பாய்க்குள் இரண்டு இரவு கிடந்த காய் புழுங்கி அழுகியது. பர்கூர், சந்தூர்ப் பக்கத்து விவசாயிகள் கண்ணெதிரே அதை இறக்கிக் கொட்டினோம். தவறு எங்களுடையது. அது மறுபடி நடக்கக் கூடாது என்பதுதான் முதல் வருடம் உங்களிடம் எதிர்பார்ப்பது. லாபத்தை உடனே கூட்டிக் காட்டச் சொல்ல மாட்டோம்.

ஆள் சேர்ப்பு, ஷிப்ட், ஒப்பந்தக் கூலி, 5 லட்சம் ரூபாய் வரையிலான செலவு ஆகியவை உங்கள் முடிவு. காய் விலையைத் தினமும் மாலை நிர்வாக இயக்குநரும் நீங்களும் சேர்ந்து வைப்பீர்கள். ஆனால் விலை இறங்கும் நாளில் யார்டில் நின்று விவசாயிக்குப் பதில் சொல்வது நீங்கள்தான். கார்பைடு கல் வைத்துப் பழுத்த லோடு வந்தால், எங்கள் உறவினர் தோட்டத்துக் காயாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். கடன், புது இயந்திரம், ஏற்றுமதி ஒப்பந்தம் மூன்றும் இயக்குநர்களிடமே இருக்கும்.

இது குடும்ப நிறுவனம். குடும்பத்தார் பணியாளர்களுக்கு நேரடியாக உத்தரவு போடும் பழக்கம் இங்கே இருந்தது. இனி எதுவானாலும் மேலாளர் வழியாகவே என்று இயக்குநர் கூட்டத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். நேர்காணலில் அதைக் காட்டுகிறோம்.

உணவு பதப்படுத்தும் துறையில் 12 ஆண்டு அனுபவம், அதில் 5 ஆண்டாவது ஓர் ஆலையை நடத்தியிருக்க வேண்டும். பழக்கூழ் தெரிந்தால் நல்லது. பால் பண்ணைத் தொழிற்சாலையில் இருந்தவர்களும் வரலாம். தமிழ் கட்டாயம். தெலுங்கு, கன்னடம் பேசினால் யார்டில் வேலை சுலபம். பெண்களும் விண்ணப்பிக்கலாம்.

சம்பளம் ஆண்டுக்கு 24 முதல் 28 லட்சம் ரூபாய். கிருஷ்ணகிரியில் வீடு, வாகனம் தருகிறோம். பெங்களூரிலிருந்து தினமும் வந்து போவது சரிப்படாது. சீசன் முடிந்ததும் 30 நாள் விடுப்பு, சம்பளத்தோடு.

பயோடேட்டாவுடன், நீங்கள் பொறுப்பில் இருந்தபோது கைமீறிப்போன ஒரு நாளைப் பற்றியும் அப்போது என்ன செய்தீர்கள் என்பதையும் ஒரு பக்கம் எழுதி, இந்த விளம்பரத்துக்கு மறுமொழியாக மார்ச் 10-க்குள் அனுப்புங்கள். தேர்வாகிறவர் ஏப்ரல் முதல் வாரத்தில் சேர வேண்டும். காய் வருவதற்குள் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க அந்த நாட்கள் தேவைப்படும்.